உடல் எடை அட்டவணை: பல வருஷம் வைத்துப் பார்த்ததில்

செல்லூர் பக்கம் நான் போகும் ஜிம்மில் கண்ணாடிக்கு மேலே லேமினேட் செய்த ஒரு அட்டவணை தொங்குகிறது. இடைநிலையில் இருப்பவர் உடல் எடையைப்போல ஓவர்ஹெட் பிரஸ் 0.75 மடங்கு, பெஞ்ச் 1.25, ஸ்குவாட் 1.5, டெட்லிஃப்ட் 2 மடங்கு தூக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பல வருஷமாக அதைப் பயன்படுத்துகிறேன். சில மாதங்களுக்கு முன்பு ஒரு தம்பி வந்து, "அண்ணே, இதுல நான் எதை முதல்ல கவனிக்கணும்?" என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி 78 கிலோ. பெஞ்ச் 80 கிலோவில் ஐந்து ரெப், ஸ்குவாட்டும் அதே 80-ல் ஐந்து. டெட்லிஃப்ட் 130, ஓவர்ஹெட் 50, எல்லாமே ஐந்து ரெப். ஒரே ஒரு ரெப்பில் அதிகபட்சம் எவ்வளவு கிலோ வரும் என்பதற்கு எப்லி கணக்குப் போதும்: எடை × (1 + ரெப்/30). அப்படிப் பார்த்தால் பெஞ்சும் ஸ்குவாட்டும் 93, டெட்லிஃப்ட் 152, ஓவர்ஹெட் 58. மற்ற மூன்றும் அட்டவணைக் கோட்டை ஒட்டி நிற்க, ஸ்குவாட் மட்டும் 1.2 மடங்கில் கிடக்கிறது. பலவீனம் இவ்வளவு பளிச்சென்று தெரிவதற்காகவே அந்த அட்டையை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் எரிச்சலும் அதே அட்டையில்தான். தம்பி சாப்பாட்டைக் குறைத்து 72-க்கு வந்தான். ஒரு கிலோகூட அதிகம் தூக்கவில்லை, ஆனால் ஸ்குவாட் 1.3 மடங்கு ஆகிவிட்டது, ஓவர்ஹெட் 0.8 தாண்டிவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. வகுக்கும் எண் குறைந்ததற்கு யாரைப் பாராட்டுவது? இன்னொன்று, தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவோடு ஏறுகிறது. அதனால் 60 கிலோ ஆள் 120 தூக்குவது 2 மடங்கு என்றால், 100 கிலோ ஆளுக்கு அதற்குச் சமம் சுமார் 169 கிலோதான், அதாவது 1.7 மடங்கு. கனமான ஆட்களை இந்த அட்டை காலமெல்லாம் தாழ்த்தியே காட்டும். எத்தனை பேர் இதைப் பார்த்து மனம் விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தாலே கோபம் வருகிறது.

சரி, இதற்கு வழி என்ன? உடல் எடையை விட்டுவிட்டு, ஒரு லிஃப்டை இன்னொரு லிஃப்டோடு ஒப்பிடுங்கள். அட்டவணைப்படி ஸ்குவாட், டெட்லிஃப்டில் 75 சதவீதம் இருக்க வேண்டும். தம்பிக்கு 61. உடம்பு 78 ஆனாலும் 72 ஆனாலும் அந்த 61 அசையாது. தொடை எலும்பு நீளமானவர்களுக்கு இந்த விகிதம் இயல்பாகவே கொஞ்சம் குறைவாக வரும், அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனால் பெஞ்ச் அளவுக்கே ஸ்குவாட் நிற்பதை எலும்பின் தலையில் மட்டும் போட முடியாது.

பக்கவாட்டில் போன் வைத்து ஸ்குவாட்டை வீடியோ எடுத்தோம். கீழிருந்து எழும்போது இடுப்பு முதலில் மேலே போய், நெஞ்சு கவிழ்ந்து, கடைசியில் முதுகுதான் தூக்குகிறது. டெட்லிஃப்ட் பலம் ஸ்குவாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. குதிகாலும் லேசாக எழுந்தது. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பாதத்தை வைத்து, குதிகால் எழாமல் முட்டியைச் சுவரில் தொடச் சொன்னேன், தொட முடியவில்லை. குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட் வைத்ததும் அதே 80 கிலோவில் நெஞ்சு நிமிர்ந்து வந்தது. அப்போ பாதிச் சிக்கல் கணுக்காலில், மீதி முன்தொடையில்.

ஸ்குவாட்டை வாரம் இருமுறை, முதல் பயிற்சியாக, குதிகாலுக்கு உயரம் கொடுத்துச் செய்தான். ஒரு நாள் முன்பக்க ஸ்குவாட், கணுக்காலுக்குத் தினமும் நீட்டல். டெட்லிஃப்டை வாரம் ஒரே ஒரு கனமான செட்டோடு நிறுத்தினோம், பெஞ்சைக் கூட்ட விடவில்லை. அதில்தான் அவனுக்குக் கோபம், பெஞ்ச் நாள் என்றால் அவனுக்குத் திருவிழா. இப்போது அதே ஆழத்தில், அதே ராடில், ஸ்குவாட் 95-ல் ஐந்து வருகிறது, டெட்லிஃப்ட் 130-லேயே நிற்கிறது. விகிதம் 73. ஆழத்தையும் ராடையும் மாற்றிவிட்டு இந்த எண்ணைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உள்ளூர் ஜிம்களில் ராடு எல்லாம் இருபது கிலோ கிடையாது, ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

பலவீனத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவியை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி ஓனரிடம் கேட்டிருக்கிறேன். நான்கு லிஃப்டின் விகிதத்தை மட்டும் எழுதி மாட்டினால் போதும், உடல் எடைக் கட்டம் வேண்டவே வேண்டாம்.