ஜப்பானிய மொழியில் டைரி: ஒன்றரை வருடத் திருத்தங்களுக்குப் பிறகு

ஜப்பானியம் கற்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "தினமும் டைரி எழுதித் திருத்தி வாங்குகிறாயே, பிழை குறைந்ததா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு பிழையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தமிழில் 'இல்' என்று ஒரே உருபு வைத்திருக்கிறோம். நூலகத்தில் இருந்தேன், நூலகத்தில் படித்தேன், இரண்டுக்கும் அதுவே போதும். ஜப்பானியத்தில் முதல் வாக்கியத்துக்கு 'நி', இரண்டாவதற்கு 'தெ'. ஒன்று இருக்கும் இடம் 'நி', செயல் நடக்கும் இடம் 'தெ'. முதல் மாதத்திலேயே படித்த விதி இது. கேட்டால் உடனே சொல்வேன். ஆனால் டைரியில் ஆறு மாதம் ஓயாமல் மாற்றி மாற்றி எழுதினேன்.

திருத்தித் தந்தவர் நல்ல மனிதர், ஜப்பானியர். ஒருநாளும் தாமதிக்கவில்லை. ஆனால் என் வாக்கியத்தை அடித்துவிட்டு முழுதாகப் புது வாக்கியம் எழுதிக் கொடுப்பார். அதில் எது இலக்கணப் பிழை, எது அவருடைய ரசனை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. படிப்பேன், ஆமாம் இதுதான் சரி என்று நினைப்பேன், மூடி வைப்பேன். அடுத்த வாரம் அதே 'நி' அதே இடத்தில் வந்து நிற்கும். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல்.

ஒருநாள் 'கைகி வா நிகை நி அரிமாஸ்' என்று எழுதினேன். கூட்டம் மாடியில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். 'அரிமாஸ்' என்றால் இருக்கிறது, இருப்பதற்கு 'நி'. இந்த முறை விதிப்படிதான் எழுதியிருந்தேன். அதையும் அடித்து 'தெ' போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "'நி' இயல்பாக இல்லை" என்றார், அவ்வளவுதான். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாய்மொழிக்காரருக்குப் பிழை காதில் உறுத்தும்; காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'மரம் வந்தான்' ஏன் தப்பு என்று நம்மால் சொல்லிவிட முடியும். 'அவனுக்குப் பிடிக்கும்' என்பதில் 'கு' ஏன் என்று கேட்டால் நாமும் திணறுவோம்.

அன்றிரவு பழைய பக்கங்களைப் புரட்டியபோது, அவர் கைவைக்காமல் விட்ட ஒரு வாக்கியம் கிடைத்தது: 'கைகிஷிட்ஸு வா நிகை நி அரிமாஸ்'. கூட்ட அறை மாடியில் இருக்கிறது. அறைக்கு 'நி' சரி, கூட்டத்துக்கு மட்டும் 'தெ'! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விளங்கியது. அறை என்பது பொருள், அது அங்கே இருக்கிறது. கூட்டம் என்பது நிகழ்ச்சி, அது அங்கே நடக்கிறது. வினைச்சொல் ஒன்றேயானாலும் எழுவாய் என்னவென்று பார்க்க வேண்டும். கூட்டம், விருந்து, தேர்வு எதுவானாலும், தமிழில் 'நடக்கிறது' போட்டுப் பார்த்துப் பொருந்தினால் 'தெ'. இந்த ஒன்றில் அப்புறம் நான் தவறியதில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். திருத்த வேண்டாம், தப்பான இடத்தில் கோடு மட்டும் போடுங்கள். இயல்பாக இல்லாத இடம் என்றால் கோட்டுக்குப் பதில் அலைக்கோடு. கோடுகளை நானே வேறு நிற மையில் திருத்துவேன். என்னால் முடியாததற்கு மட்டும் விடை கேட்பேன். மறுநாள் டைரியில் முந்தின நாள் பிழை வந்த அமைப்பை வேறு சொற்களில் இரண்டு முறையாவது வேண்டுமென்றே எழுதுவேன். எனக்குப் பலன் தந்தது இந்தக் கடைசிப் படிதான். சுமார் இரண்டு மாதத்தில் 'நி', 'தெ' குழப்பம் ஏறக்குறைய நின்றது.

சந்தோஷம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'கிதெ இமாஸ்' என்றால் 'வந்துகொண்டிருக்கிறான்' அல்ல, 'வந்திருக்கிறான்'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். எனக்கு இதில் ஒரு கோடுகூட விழுந்ததில்லை, 'வந்து இருக்கிறான்' என்று தமிழை அப்படியே வைத்தால் போதும்.

ஆனால் வேறொன்றைத் தாமதமாகத்தான் கவனித்தேன். கோடுகள் குறைந்ததற்குப் பாதிக் காரணம், நான் எழுதும் வாக்கியங்கள் சுருங்கியது. செயப்பாட்டு வினையைத் தொடுவதில்லை, நிபந்தனை வாக்கியங்களில் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுகிறேன். இரண்டாம் மொழியில் எழுதுபவர்களுக்கு இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று ஜான் ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். டானா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்தார். நான் ஃபெரிஸ் பக்கம்தான். ஆனாலும் பிழைக்குப் பயந்து சிறுத்துப்போன என் பக்கங்களைப் பார்க்கும்போது ட்ரஸ்காட்டை முழுதாக ஒதுக்க மனம் வரவில்லை.

சரி, நண்பருக்குப் பதில்: பிழை குறைந்தது, உண்மை. கோடு மட்டும் போட்டுத் தர ஆள் கிடைத்தால் நீங்களும் தொடங்குங்கள். நான் இந்த மாதம் யாருக்கும் அனுப்பவில்லை. தினமும் எழுதுகிறேன், நீளமாக, செயப்பாட்டு வினையெல்லாம் போட்டு. பக்கம் முழுக்கப் பிழையாகத்தான் இருக்கும்.