படபடப்பாக இருக்கிறது என்று எப்போது சொல்வது: வந்தவுடனா, வெளிப்பட்ட பிறகா?

காதல் எண்ணத்தோடு முதன்முறை தனியே சந்திக்கும் இருவரில் ஒருவருக்கேனும் படபடப்பு இருக்கும். அதைக் கடைசிவரை மறைத்துவிடலாம், வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிடலாம், அல்லது கையோ குரலோ காட்டிக்கொடுக்கும் நேரத்தில் ஒப்புக்கொள்ளலாம். நான் மூன்றாவது வழியின் பக்கம் நிற்பவள். ஆனாலும் மற்ற இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மறைப்பவருக்குச் சாதகமான உண்மை ஒன்று உண்டு. உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மிகைக் கணிப்பு. உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பத்தகாத சுவையுள்ள பானத்தைக் குடித்துவிட்டு முகத்தில் காட்டாமல் இருக்க முயன்றவர்கள், தங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்த அளவுக்குப் பார்த்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே இதயம் அடித்துக்கொள்வது எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. ஆனால் மறைக்கும் முயற்சி மட்டும் வேறு உருவத்தில் தெரிந்துவிடுகிறது. ஒரு சொல்லில் பதில் வருகிறது, பார்வை மேசையிலேயே நிற்கிறது, கை அடிக்கடி போனைத் தேடுகிறது. எதிரில் இருப்பவர் இதைப் பதற்றம் என்று படிப்பதில்லை, விருப்பமின்மை என்றே படிக்கிறார். உளவியலாளர் எமிலி பட்லர் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், அறிமுகமில்லாத இரு பெண்கள் வருத்தமூட்டும் படமொன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசியபோது, ஒருவர் உணர்ச்சியை அடக்கிக்கொண்டதால் மற்றவரின் இரத்த அழுத்தமே கூடியது. இருவருக்கும் இடையிலான ஒட்டுதலும் குறைந்தது. அது காதல் சந்திப்பு அல்ல என்றாலும், அடக்கிக்கொள்பவரின் எதிரில் இருப்பதே ஒரு சுமை என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது வழியில் சிக்கல், சொல்வதில் இல்லை, எந்தச் சொற்களில் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. என் நண்பர் ஒருவர், தாம் ஒரு செயலி வழியாகப் பழகிய பெண்ணைச் சந்தித்தபோது, உட்கார்ந்ததும் "நான் நல்லா பேச மாட்டேங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவர் சொன்னது தம் படபடப்பைப் பற்றி அல்ல, தம்மைப் பற்றிய ஒரு தீர்ப்பு. அந்தப் பெண் அடுத்த அரைமணி நேரமும் "அப்படியெல்லாம் இல்ல, நல்லாத்தான் பேசுறீங்க" என்று தேற்றிக்கொண்டே இருந்தார். தேற்றுகிறவர் தம்மைப் பற்றிப் பேச இடமே கிடைப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து, பெசன்ட் நகரில் வேறொரு பெண்ணைச் சந்தித்தபோது அதே நண்பர் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காபியை டபராவில் ஆற்றும்போது கை நடுங்கி மேசையில் சிந்தியது. அப்போது, "ரெண்டு நாளா இதுக்காகத்தான் காத்துட்டிருந்தேன், அதான் கை இப்படி நடுங்குது" என்றார். அந்தப் பெண் காகிதத்தை எடுத்து மேசையைத் துடைத்தபடியே, "நான் தெருமுனையிலயே ஆட்டோவை நிறுத்திட்டு, ஒரு சுத்து நடந்துட்டுத்தான் உள்ள வந்தேன்" என்றார். நண்பர் உடனே, எந்தப் பக்கம் நடந்தீர்கள் என்று கேட்டார். பேச்சு கடற்கரைக்குப் போய்விட்டது. இருவருக்கும் முன்னால் கிடந்த ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் விளக்கினார், காரணமாகத் தம் ஆவலைச் சொன்னார், அடுத்த பேச்சை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். இதனால்தான் மூன்றாவது வழியை நான் தேர்ந்தெடுக்கிறேன். வந்தவுடனேயே குரல் உடைந்துவிடுபவர் மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம், அதுவும் இதே அளவில்.

எல்லோரும் "எனக்கும்தான்" என்று சொல்லமாட்டார்கள். வெறும் "ஓ" என்ற பதில் வந்தால் அதை நிராகரிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை, அவரும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கலாம். அடுத்த ஐந்து பத்து நிமிடங்களில் அவராக ஏதாவது கேட்கிறாரா என்று பார்த்தால் போதும். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்ற சீண்டலும் ஒருமுறை வந்தால் கூச்சத்தில் வந்ததாக இருக்கலாம். அதே பேச்சு மறுபடி வந்தால், அதை அவருடைய இயல்பாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நான் மிகவும் கவலைப்படும் பதில் வேறு. ஒரு பெண் படபடப்பாக இருக்கிறது என்றதும், "கையைக் குடுங்க, சரியாயிடும்" என்றோ, "இங்க கூட்டமா இருக்கு, வேற எங்கேயாவது போலாம்" என்றோ சொல்பவர், கேட்ட உண்மையை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறவராக இருக்கலாம். அக்கறையில் சொன்னாரா என்பதை அறிய, "வேணாம், இங்கேயே இருக்கலாம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். அக்கறையுள்ளவர் சரி என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்வார். மறுபடியும் வற்புறுத்தினால், பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அதற்கு அவரிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.