மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை: காலண்டரைக் காட்டவும் வேண்டும், விஷயத்தைச் சொல்லவும் கூடாது

புதுச்சேரியில் கடைக்காரர் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு மணிக்குத் திறந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன். லாஸ்பேட்டை வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. காலை 9:30 முதல் 1 மணி வரை, பிறகு மாலை 4 முதல் 7:30 வரை. குழுவில் பாதிப் பேர் பாரிஸில் இருப்பதால் மாலை நேரம்தான் அவர்களுக்கு ஒத்துவரும். இதைத் தவிர செவ்வாயும் வெள்ளியும் காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் போய் அம்மாவை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஆறு மாதம் முன்பு ஒரு மீட்டிங்கில், நான் அதுவரை யாரிடமும் வாய் திறக்காத ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் அன்பாக விசாரித்தார்: "அம்மாவுக்கு இப்போ கால் எப்படி இருக்கு?" என் காலண்டரில் "அம்மா பிசியோ, முழங்கால்" என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய காலண்டரும் முழு விவரத்தோடு தெரியும்படி இருந்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, நான் பார்க்காமல் விட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து மூன்று வழிகளையும் ஒப்பிட ஆரம்பித்தேன். எல்லாம் கூகுள் காலண்டரை வைத்துத்தான்.

முதல் வழி, காலண்டரைப் பகிர்ந்துகொண்டே விவரத்தை மட்டும் மறைப்பது, கூடவே வேலை நேரத்தைக் குறித்து வைப்பது. இரண்டாவது, புக்கிங் பக்கம்: காலியாக இருக்கும் நேரம் மட்டும் தெரியும் ஒரு லிங்க்கை அனுப்பிவிடுவது. மூன்றாவது, தனியாக ஒரு காலண்டர் ஆரம்பித்து அதில் "வேலை" என்று கட்டங்களை நாமே நிரப்பி அதை மட்டும் பகிர்வது. மூன்றாவதை இரண்டே வாரத்தில் கைவிட்டேன். ஒரு மீட்டிங் நகர்ந்தால் இரண்டு இடத்தில் நகர்த்த வேண்டும். மூன்றாம் நாளே இரண்டும் ஒத்துப்போகவில்லை.

நான் முதல் வழியில்தான் நிற்கிறேன், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

அமைப்பது எளிது. செட்டிங்ஸில் இடது பக்கம் நம் காலண்டர் பெயரைத் தொட்டால், `Access permissions for events` என்ற பகுதி வரும். அதில் அலுவலகம் முழுவதற்குமான பகிர்வை `See only free/busy` என்று மாற்ற வேண்டும். அதோடு எழுந்துவிடக் கூடாது. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, தனித்தனி ஆட்களுக்குக் கொடுத்த அனுமதிப் பட்டியல் இருக்கும். யாருக்கோ எப்போதோ முழு விவரம் பார்க்க அனுமதி கொடுத்திருந்தால் அது அப்படியே நிற்கும், பொதுப் பகிர்வைச் சுருக்கியது அவரைப் பாதிக்காது. என் பட்டியலில் பழைய மேலாளர் ஒருவர் இருந்தார்.

அடுத்து பொதுவான செட்டிங்ஸில் `Working hours & location`. இது அலுவலக, பள்ளிக் கணக்குகளில் வருவது, சாதாரண ஜிமெயிலில் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் இன்னொரு நேரத் துண்டைச் சேர்க்கலாம். மதியம் ஷட்டர் இறக்குபவர்களுக்கு அந்தக் கூட்டல் குறிதான் முக்கியம். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் வாரம் முழுவதற்கும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு. அதில் என் 1–4 இடைவெளியைச் சொல்ல வழியே இல்லை. அவுட்லுக்கை நான் ஒரு வாடிக்கையாளருக்காக நாலைந்து மாதம்தான் தொட்டேன், அதனால் நீட்டி முழக்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனித்தேன்: விவரத்தை மறைத்தாலும் அங்கே பிஸி, உறுதியில்லை, அலுவலகத்தில் இல்லை என்று நிறம் பிரித்துக் காட்டும். அதை வைத்தே பக்கத்து சீட்டுக்காரர் ஊகித்துவிடுவார்.

விவரத்தை மறைத்தால் உண்மையில் என்ன வெளியே போகிறது? காலண்டர்களுக்கான பொதுத் தரமான ஐகேலண்டரில், அதாவது 2009-இல் வந்த `RFC 5545`-இல், இதற்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. என் செவ்வாய்க்கிழமை காலை, பயண நேரத்தோடு சேர்த்து 9:30 முதல் 12:30 வரை, அதில் முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```
BEGIN:VFREEBUSY
FREEBUSY;FBTYPE=BUSY:20250311T040000Z/20250311T070000Z
END:VFREEBUSY
```

தலைப்பு இல்லை, இடம் இல்லை, யாரோடு என்பதும் இல்லை. கடைசியில் நிற்கும் `Z` உலகப் பொது நேரம், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்துக்கென்று அந்தத் தரத்தில் தனி இடம் கிடையாது. அதற்கு 2016-இல் `RFC 7953` என்று தனி நீட்சி வந்தது. அதன்படி, நாம் குறித்த நேரத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் "கிடைக்க மாட்டார்" என்றே கணக்கு. கூகுள் அவ்வளவு கண்டிப்பு இல்லை. மதியம் 2 மணிக்கு யாராவது என்னை அழைத்தால், இவருடைய வேலை நேரத்துக்கு வெளியே என்று ஒரு எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். மீறி அனுப்பினால் அனுப்பப்பட்டுவிடும். மூன்று மாதத்தில் இரண்டு முறை அப்படி வந்தது. இரண்டையும் "நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வரியில் திருப்பிவிட்டேன். தினமும் 1–4-ஐ பிஸி என்று அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைத்தால் எச்சரிக்கை தேவைப்படாதுதான். ஆனால் என் காலண்டரே சிவந்துபோய், எது நிஜமான வேலை, எது சாப்பாடு என்று எனக்கே தெரியாமல் போனது.

இனி பராமரிப்பு. என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான்.

முதல் வழியில் நாம் கொடுக்கும் தகவல், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பிஸி, ஃப்ரீ என்ற ஒரு சின்னக் குறி சரியாக இருப்பதைப் பொறுத்தது. மணிக்கணக்கில் போடும் நிகழ்ச்சி தானாக பிஸி ஆகிவிடும். நாள் முழுவதற்கும் போடும் நிகழ்ச்சி தானாக ஃப்ரீ. இதில்தான் வழுக்கி விழுந்தேன். மாசி மகத்தன்று லீவு. காலண்டரில் நாள் முழுவதற்கும் "மாசி மகம்" என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டத்தில் நிற்கும்போது போன் அடிக்கிறது: "ஐந்தரை மணி மீட்டிங், எல்லோரும் வந்தாச்சு, நீங்க?" அவர் பார்வையில் நான் அன்று முழுக்க ஃப்ரீ, வேலை நேரமும்கூட, எச்சரிக்கை வரக் காரணமே இல்லை. அதன் பிறகு லீவு என்றால் `Out of office` வகையில்தான் போடுகிறேன். அது வரும் அழைப்புகளைத் தானே நிராகரித்துவிடும்.

இன்னொரு குறி, நிகழ்ச்சியின் வெளிப்பாடு. ஒரு நிகழ்ச்சியை `Public` என்று குறித்துவிட்டால், காலண்டர் முழுக்க மறைத்திருந்தாலும் அந்த ஒன்றின் விவரம் தெரியும். அதனால் அம்மா விஷயத்தில் இன்னும் ஒரு படி போனேன். அலுவலகக் காலண்டரில் அந்தத் தலைப்பே இல்லை. "வெளி வேலை" என்று செவ்வாய், வெள்ளி திரும்பத் திரும்ப வரும்படி ஒரு கட்டம், `Private`, பிஸி. பிசியோ, முழங்கால் எல்லாம் என் சொந்த ஜிமெயில் காலண்டரில். அலுவலகக் கணக்கு அலுவலகத்தின் சொத்து, நிர்வாகிக்கு அதைத் திறக்க வழி உண்டு. ஆக இரண்டு காலண்டர் எனக்கும் இருக்கிறது. ஆனால் வாரம் இரண்டு கட்டம் மட்டும்தான் இரண்டிலும் இருக்கிறது, மூன்றாவது வழி மாதிரி எல்லாமே அல்ல.

பருவம் மாறும்போது ஒரு வேலை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் பாரிஸ் கடிகாரம் மாறும், நம்முடையது மாறாது. கோடையில் வித்தியாசம் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. கோடையில் அவர்களுடைய 3 மணி மீட்டிங் எனக்கு மாலை 6:30, என் நேரத்துக்குள் கச்சிதமாக முடியும். அக்டோபர் கடைசியில் அதே மீட்டிங் 7:30 முதல் 8:30 வரை வந்து நின்றது. முன்பே போட்டு வைத்த தொடர் மீட்டிங் என்பதால் யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. இப்போது அந்த இரண்டு வாரங்களில் தொடர் மீட்டிங்குகளை நானே ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

புக்கிங் பக்கத்துக்கு வருவோம். மறைப்பதில் அதுதான் கெட்டி. வருபவருக்கு என் பிஸி கட்டங்கள்கூடத் தெரியாது, காலியான நேரம் மட்டும், அதுவும் அவர் ஊர் மணியில். சொந்த ஜிமெயிலிலேயே ஒரு பக்கம் இலவசம். என் தனி வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். ஆனால் குழு வேலைக்கு அது சரிப்படவில்லை. நான்கு பேர் கட்டங்களை அருகருகே வைத்து ஒரு பொது ஓட்டை தேட வேண்டும் என்றால் லிங்க் உதவாது. தவிர அந்தப் பக்கத்தில் கொடுக்கும் நேரம் வேறு, வேலை நேர செட்டிங் வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஒரு வாரம் மாலை நேரத்தை ஐந்து மணிக்குத் தள்ளினேன், லிங்க்கை மறந்தேன், நாலு மணிக்கு ஒருவர் காத்திருந்தார்.

அப்புறம் ஒன்று. கடலூரில் எனக்கு வேலை தரும் ஒரு வக்கீல் ஐயாவுக்கு அந்த லிங்க்கை அனுப்பினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை, நேராக போன்: "என்னம்மா, உன்கிட்ட பேசுறதுக்கு நான் டோக்கன் போடணுமா?" அவருக்கு எப்போதும் போல போன்தான்.

எந்த வழியை எடுத்தாலும், அமைத்த அன்றே அடுத்தவர் கண்ணால் பாருங்கள். நாளைக்கு 11 மணிக்கு "சோதனை" என்று ஒன்று போட்டுவிட்டு, நம்பகமான ஒருவரிடம் என் காலண்டர் எப்படித் தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். "சோதனை" என்ற சொல் அதில் தெரிந்தால் அனுமதிப் பட்டியலுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஐகேல் வடிவ ரகசிய முகவரி என்று ஒன்றும் அந்த செட்டிங்ஸின் கீழே இருக்கும். அது பிஸி, ஃப்ரீ எல்லாம் பார்க்காது, கையில் கிடைத்தவருக்கு முழு விவரத்தையும் கொடுத்துவிடும். முன்பு யாருக்காவது கொடுத்திருந்தால் அதே இடத்தில் ரீசெட் செய்துவிடுங்கள். நான் இரண்டு வருடம் முன்பு ஒரு டிஜிட்டல் கடிகார ஆப்புக்குக் கொடுத்தது அப்படியே கிடந்தது.