மொத்தம் சரி, ஆள் தப்பு: பால் பட்டியல் ஷீட்டோடு இரண்டு வருடம்

கே.வி.குப்பம் பக்கம் பால் சங்கத்தில் செயலாளராக இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "கொள்முதல் பதிவேட்டை ஷீட்டில் ஏற்றி ஆளுக்கொரு பட்டியல் எடுக்கிறீங்களே, நம்பலாமா சார்?"

குடியாத்தம் பக்கம் எங்கள் சங்கத்தில் 94 பேர் பால் ஊற்றுகிறார்கள். காலை, மாலை என்று 15 நாளைக்கு 2,800 வரி வரை வரும். முன்பெல்லாம் பட்டுவாடாவுக்கு முந்தின இரண்டு ராத்திரி கால்குலேட்டரோடு போகும். இப்போது அடித்து முடித்த அரைமணியில், தீவனக் கடன் கழித்து எல்லோருடைய பட்டியலும் வந்துவிடுகிறது. அதில் குறையே இல்லை.

4.5 லிட்டரை நோட்டில் 4-5 என்று எழுதியிருப்பதை அப்படியே அடித்தால் ஷீட் அதை மே 4 என்று தேதியாக்கிவிடும். ஆனால் தேதிக்கு உள்ளே இருப்பது 45,000-க்கு மேற்பட்ட எண். மொத்தம் தாறுமாறாக ஏறுவதால் உடனே தெரிந்துவிடும். இப்போது புள்ளி வைத்தே அடிக்கிறோம்.

என்னைத் தூங்கவிடாதது உறுப்பினர் எண்தான். விடியற்காலையில் அவசரமாக எழுதும்போது 7-ம் 1-ம் ஒன்றுபோல விழும். சென்ற மாதம் 17-ம் எண் அக்காவின் ஒரு காலைப் பால், 4.5 லிட்டர், 11-ல் ஏறிவிட்டது. லிட்டர் 34 ரூபாய் வீதம் 153 ரூபாய். நோட்டில் அந்த வேளையின் அடிக்கூட்டு 212.4, ஷீட்டிலும் 212.4. பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆள்தான் மாறியது. கூட்டுத்தொகை ஒத்துப்போனால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த அக்கா வந்து, "ஒரு வேளைப் பாலைக் காணோமே தம்பி" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

அதன்பிறகு A-யில் தேதி, B-யில் வேளை, C-யில் எண் வைத்து இதைச் சேர்த்தேன்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2)
```

2 வந்தால் ஒரே வேளையில் ஒரே எண் இரண்டு முறை ஏறியிருக்கிறது. பசும்பால், எருமைப்பால் இரண்டும் ஊற்றுபவருக்கு 2 வருவது சரிதான், அவர்களை விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பால் 11-க்குப் பதில், மாடு வற்றிப்போய் ஊற்றாமல் இருக்கும் 71-க்கு ஏறியிருந்தால் இதிலும் அகப்படாது. அதற்கு எண்கள் கீழாக, வேளைகள் குறுக்காகக் கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். தினமும் ஊற்றுபவருக்கு நடுவில் ஒரு வெற்றுக் கட்டம், ஊற்றாதவருக்குத் தனியாக ஒரு பதிவு. அந்த இரண்டு இடத்தையும் நோட்டில் திருப்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் இதற்கே ஒரு மணி நேரம் போகிறது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டும் நண்பரிடம், "இப்போதைக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னேன். முதலில் பால் அளக்கிற பையனை எண்ணுக்குப் பக்கத்தில் பெயரின் முதலெழுத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பட்டுவாடா அப்படி ஓடட்டும், அப்புறம் ஷீட்டைத் திறக்கலாம்.