மிஸ்டு கால் எண்கள்: கேஸ், பி.எஃப், பேங்க் மூன்றுக்கும் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் சிலிண்டர் புக் செய்வது அம்மாவின் வேலை. அவரிடம் இருப்பது பட்டன் போன். ஆப், வாட்ஸ்அப், ஆன்லைன் பேமென்ட் எதுவும் அதில் கிடையாது. முன்பு இண்டேனின் 7718955555 எண்ணுக்கு அடித்து, பதிவுக் குரல் சொல்வதைக் கேட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று போக வேண்டும். குரல் ஒன்று சொல்லும்போது அம்மா வேறொன்றை அழுத்திவிடுவார். 2021 ஜனவரியில் இண்டேன் 8454955555 என்ற மிஸ்டு கால் எண்ணைக் கொண்டுவந்ததும் அந்தப் பாடு தீர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் ஓடுகிறது. நான் பி.எஃப் இருப்புக்கும் பேங்க் பேலன்ஸுக்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறேன்.

ஆரம்பத்தில் அம்மா சொன்ன புகார் இது: "அடிச்சா ரெண்டு ரிங்லயே கட் ஆயிடுதுடா, லைன் போகல போல." கட் ஆனால்தான் போனது என்று அர்த்தம் என அவரை நம்பவைக்கக் கொஞ்ச நாள் ஆனது. அவர் மட்டுமல்ல, நிறைய பேர் இப்படித்தான் லைன் கிடைக்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள்.

உள்ளே நடப்பது சுலபமான விஷயம். நாம் ஒரு எண்ணை டயல் செய்ததும், மணி அடிப்பதற்கு முன்பே, "இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு வருகிறது" என்ற தகவல் எதிர்முனைக்குப் போய்விடும். போன் எடுப்பதற்கு முன்பே திரையில் யார் என்று தெரிகிறதே, அதே தகவல்தான். எதிர்முனையில் இருப்பது ஆள் இல்லை, கம்ப்யூட்டர். அது நம் எண்ணைக் குறித்துக்கொண்டு, போனை எடுக்காமலேயே அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. பிறகு அந்த எண் எந்த கேஸ் இணைப்புக்கு அல்லது எந்தக் கணக்குக்குப் பதிவாகியிருக்கிறது என்று தேடி, எஸ்எம்எஸ் அனுப்புகிறது. எண் கையில் வந்த நொடியிலேயே துண்டிக்கவும் முடியும். ஆனால் மணியே கேட்காமல் கட் ஆனால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஓரிரு ரிங் நம் மன நிம்மதிக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, நாம் அவர்களிடம் கொடுப்பது நம் எண் ஒன்றை மட்டுமே. இந்தச் சேவையின் வசதியும் சிக்கலும் இரண்டுமே இதிலிருந்து வருகின்றன.

நிறுவனங்களுக்கு இதில் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுவலகங்களுக்குத் தரும் வழக்கமான டிஜிட்டல் லைன் ஒன்றில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் வரலாம். குரல் பதிவைக் கேட்டு பட்டன் அழுத்தும் முறையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், அந்த லைன் மணிக்கு 900 பேரைத்தான் சமாளிக்கும். மிஸ்டு கால் என்றால் ஒருவருக்கு ஐந்து நொடி போதும். அதே லைனில் மணிக்கு 21,600 பேர். அதுவும் 1800 என்று தொடங்கும் இலவச எண்ணாக இருந்தால், நாம் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு கட்டுவது அந்த நிறுவனம்தான். மிஸ்டு காலில் அந்த நிமிடங்களே இல்லை, பதிலுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ் செலவு மட்டும். மொழிச் சிக்கலும் குறைகிறது. எதையும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டாம், எதையும் டைப் செய்ய வேண்டாம்.

இப்போது காசு விஷயம். போன் கட்டண மீட்டர் ஓடத் தொடங்குவது எதிர்முனை போனை எடுத்த நொடியில்தான். மணி அடிக்கும் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எடுக்காமலே துண்டிக்கப்படுவதால் மிஸ்டு காலுக்கு நமக்குச் செலவு இல்லை. இது அந்த நிறுவனம் நமக்குக் காட்டும் சலுகை அல்ல, டெலிபோன் பில்லிங்கின் அடிப்படையே அப்படி. பி.எஃப் அலுவலகமும் தன் 9966044425 எண்ணைப் பற்றி இதையேதான் சொல்கிறது: இரண்டு ரிங்கில் தானாகக் கட் ஆகும், உறுப்பினருக்குச் செலவில்லை.

ஆனால் எல்லா எண்ணும் தானாகக் கட் ஆவதில்லை, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மிஸ்டு காலில் பேலன்ஸ் சொல்லும் தன் குயிக் சேவைக்கு ஸ்டேட் பேங்க் வெளியிட்ட கேள்வி பதிலில் இது வெளிப்படையாகவே இருந்தது. மணி அடிக்கும்போதே நாம் துண்டித்துவிட்டால் கட்டணம் இல்லை. விட்டுவைத்தால் மூன்று நான்கு நொடி பதிவுக் குரல் ஒலிக்கும், அதற்கு நம் பிளான்படி காசு போகும். அன்லிமிடெட் பிளானில் இருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. நொடிக்கு இவ்வளவு என்று போகும் பிளானில் இருப்பவருக்குப் பொருட்டு. கண்டுபிடிப்பது எளிது: கால் லாக்கில் அந்த அழைப்பின் நேரத்தைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் எதிர்முனை எடுக்கவில்லை, செலவும் இல்லை. மூன்று நான்கு நொடி என்று காட்டினால் எடுத்திருக்கிறார்கள், அடுத்த முறை இரண்டாவது ரிங்கில் நீங்களே கட் செய்யுங்கள்.

இன்னொரு செலவு மறைமுகமானது. மிஸ்டு காலுக்குக் காசு இல்லை என்றாலும் வெளியழைப்பு வசதி உயிரோடு இருக்க வேண்டும். 2018 கடைசியில் பெரிய தனியார் நிறுவனங்கள் மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்த பிறகு, பேலன்ஸ் எவ்வளவு இருந்தாலும் வேலிடிட்டி முடிந்தால் வெளியே அழைக்க முடியாது. ஒரு முறை அம்மாவின் ரீசார்ஜ் முடிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் அடிக்க, கட் ஆனது. இப்போதுதான் கட் ஆவதை வெற்றியாக நினைக்கப் பழகிவிட்டாரே, புக் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். எஸ்எம்எஸ் வந்ததா என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதனால் எங்கள் வீட்டு விதி: கட் ஆனதை நம்பாதே, புக்கிங் எண்ணோடு எஸ்எம்எஸ் வந்ததை நம்பு.

வெளிநாட்டில் ரோமிங்கில் இருந்தால் எஸ்எம்எஸ் பதில் தரும் சேவைகளில் பெரிதாகப் பயமில்லை. திரும்ப நம்மைக் கூப்பிடும் வகை சேவைகளில்தான், அந்த அழைப்பை எடுத்தால் ரோமிங் கட்டணம் விழும்.

மிஸ்டு கால் என்றால் யாருக்குமே நஷ்டமில்லையா என்று கேட்டால், டெலிகாம் கம்பெனிகள் அப்படி நினைக்கவில்லை. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் எண்ணுக்குப் பேசினால், பெறும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும் என்ற முறை 2020 கடைசி வரை இருந்தது. மிஸ்டு காலுக்கு அந்த 6 பைசா இல்லை. எடுப்பதற்குள் மணி நின்று, மறுபக்கத்தில் இருப்பவர் திரும்ப அழைத்தால் பைசா வரும் திசையே மாறிவிடும். 2019இல் ஜியோ மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்ததும், ஏர்டெல் புகார் செய்துவிட்டுத் தானும் குறைத்ததும் இதனால்தான். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, மணி அடிக்கும் நேரத்தை மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று நிர்ணயித்தது.

அனுபவத்தில் அதிகம் சறுக்கும் இடம் இரண்டு சிம் போன். பதிவான எண் முதல் சிம்மில் இருக்கும், போன் இரண்டாவது சிம்மிலிருந்து அழைக்கும். அப்போது வரும் பதில் "இந்த எண் பதிவாகவில்லை" என்பதாக இருக்கும், அல்லது பதிலே வராது. சேவை கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு முன் எந்த சிம்மிலிருந்து போனது என்று பாருங்கள். லேண்ட்லைனிலிருந்து அடித்துப் பயனில்லை, எஸ்எம்எஸ் வர வழியில்லை. பேங்க் சேவையில் முதலில் ஒருமுறை "REG" என்று தொடங்கி கணக்கு எண்ணோடு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிய வேண்டியிருக்கலாம். அந்த எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு.

பி.எஃப்பில் வேறு கதை. பி.எஃப் உறுப்பினர் எண்ணான யு.ஏ.என் ஆக்டிவேட் ஆகி, அதோடு மொபைல் எண்ணும், ஆதார், பான், பேங்க் கணக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் இணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கடைசியாகச் செலுத்திய தொகையும் இருப்பும் வரும். என் நண்பர் ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் இருப்பு வரவில்லை. அவர் வேலை பார்ப்பது சொந்தமாக பி.எஃப் டிரஸ்ட் நடத்தும் கம்பெனியில். அந்தப் பணக் கணக்கு டிரஸ்டிடம் இருக்கும், பி.எஃப் அலுவலகத்தின் எஸ்எம்எஸ்ஸில் வராது.

வேறு யாராவது என் எண்ணைப் போலப் போலியாகக் காட்டி மிஸ்டு கால் கொடுத்தால்? எண்ணைப் போலியாகக் காட்டும் மோசடி நிஜமாகவே உண்டு. ஆனால் பதில் எஸ்எம்எஸ் போவது பதிவான சிம்முக்குத்தான், மோசடிக்காரரின் கைக்கு அல்ல. கேஸிலும் டெலிவரியின்போது சொல்ல வேண்டிய குறியீட்டு எண் அதே மொபைலுக்குத்தான் வருகிறது. உண்மையான ஆபத்து பழைய எண்ணைக் கைவிட்டு, பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் மாற்றாமல் விடுவதில்தான். சும்மா கிடக்கும் எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அவர் அடித்தால் உங்கள் பேலன்ஸ் அவருக்கு வரும்.

விளம்பரங்களில் வரும் மிஸ்டு கால் எண்களை நான் தொடுவதில்லை. 2011இல் அண்ணா ஹசாரே இயக்கமும், பிறகு பா.ஜ.க. உறுப்பினர் சேர்க்கையும் இந்த முறையில் எண்களைத் திரட்டின. பொருள் விற்பவர்களுக்கும் வேண்டியது அதே எண்தான். காசு போகாது, ஆனால் "நீங்களாகத்தானே விசாரித்தீர்கள்" என்ற பெயரில் விற்பனை அழைப்புகள் வரத் தொடங்கும்.

அதற்கு நேர் எதிரானது, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து நமக்கு ஒரே ரிங்கில் வரும் மிஸ்டு கால். திரும்ப அழைத்தால் ஐ.எஸ்.டி கட்டணம் ஓடும், எதிர்முனையில் ஏதாவது பாட்டைப் போட்டு இழுத்தடிப்பார்கள். +91 இல்லாமல் வேறு குறியீட்டோடு தொடங்கினால் அம்மா தொடவே மாட்டார்.

சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். கூகுளில் போலி எண்களும் கலந்து கிடக்கின்றன. கேஸ் புத்தகத்தின் உள் அட்டை, பாஸ்புக், அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து எடுத்து, "கேஸ் புக்" என்று பெயர் போட்டுப் போனில் சேமித்துவிடுங்கள். நான் இங்கே எழுதியிருக்கும் எண்களையும் அப்படி ஒருமுறை சரிபார்த்துவிட்டே சேமியுங்கள். எண்கள் மாறுவதுண்டு, பி.எஃப்பின் மிஸ்டு கால் எண்ணே முன்பு 011-22901406 என்று இருந்தது.