கிரியேட்டினும் புல் அப்பும்: ஏறிய எடையையும் நாம்தானே தூக்க வேண்டும்?

பார்பெல் தூக்குபவருக்கு உடல் எடை ஒரு கிலோ கூடினால் பெரிய கவலை இல்லை. கம்பியில் தொங்குபவருக்கு அப்படி இல்லை, கூடியது முழுவதையும் அவரே மேலே இழுக்க வேண்டும். தசையில் தண்ணீரைச் சேர்த்து எடையையும் கொஞ்சம் ஏற்றும் கிரியேட்டின் என்ற சத்துப்பொடியை ஒரு வருஷத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டு, புல் அப், புஷ் அப் போன்ற உடல் எடைப் பயிற்சிகள் மட்டுமே செய்துவருகிறேன். இந்த எடைக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான் எடுப்பது சாதாரண மோனோஹைட்ரேட், தினமும் 5 கிராம், ஓய்வு நாளிலும்தான். முதல் வாரம் தினம் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து எடுக்கும் ‘லோடிங்’ முறையும் உண்டு. தசை சீக்கிரம் நிரம்பும், ஆனால் தண்ணீர் எடையும் சட்டென்று ஏறும், சிலருக்கு வயிறும் கலங்கும். 5 கிராமிலேயே மூன்று நான்கு வாரத்தில் அதே அளவுக்கு வந்துவிடலாம் என்னும்போது நமக்கு எதற்கு அந்த அவசரம்?

தொடங்கும்போது என் எடை 68 கிலோ. இரண்டு நிமிட இடைவெளியில் நான்கு செட் புல் அப் எடுத்தால் 10, 7, 5, 4 என்று வரும். ஒன்றரை மாதம் கழித்து எடை 69.5. அதே இடைவெளியில் 10, 8, 7, 6. முதல் செட் அசையவே இல்லை பாருங்கள். அதை மட்டும் பார்த்திருந்தால் காசு வீண் என்று டப்பாவை மூடியிருப்பேன்.

காரணம் இதுதான். தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் கடும் முயற்சியின் முதல் சில நொடிகளுக்கு உடனடி சக்தி தரும், ஓய்வில் மறுபடி நிரம்பும். இருப்பு கூடினால் அதே ஓய்வில் கூடுதலாக மீள்கிறது, அதனால் பலன் பின் செட்களில் தெரிகிறது. முதல் செட்டில் கிடைத்த கொஞ்சநஞ்சத்தையும் அந்த ஒன்றரை கிலோ தின்றுவிடுகிறது. பயிற்சியால் வந்த முன்னேற்றமும் இந்த எண்களில் கலந்திருக்கும், அதை மறுக்கவில்லை.

புஷ் அப்பில் நிலைமை சாதகம். கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே ஒன்றரை கிலோ அங்கே ஒரு கிலோவாகத்தான் தெரியும். கம்பியில் தொங்கியபடி உடலைத் தரைக்கு இணையாக நீட்டி நிறுத்தும் ஃப்ரன்ட் லீவரில் எனக்கு லாபம் எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் கனமாக இருந்ததுதான் மிச்சம்.

சோதிக்க நினைத்தால் ஓய்வு நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரே அளவில் வையுங்கள், எல்லா செட்டையும் கூட்டிப் பாருங்கள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேலாகியும் எடையும் கூட்டுத்தொகையும் நகரவில்லை என்றால் உங்கள் தசையில் ஏற்கெனவே இருப்பு நிறைந்திருக்கலாம். கறி, மீன் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இப்படி அமைவதுண்டு.

அப்புறம், ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அறிக்கையில் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.