முகத்திலிருந்து அடிவானம் வரை: ஒரு கிரேன் ஷாட்டை ப்ராம்ட்டாக எழுதிய ஓராண்டு

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முகம் திரையை நிறைக்கிறது. கேமரா அங்கிருந்து மெல்ல எழுகிறது. எழ எழ, பாத்திகளும் வரப்புகளும் உப்புக் குவியல்களும் அடிவானம் வரை விரிகின்றன. என் குறும்படத்தின் முதல் காட்சி இதுதான். கிரேன் வாடகைக்கு எடுக்க வழியில்லாததால், ப்ராம்ட் எழுதிக் காணொளி பெறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இதை உருவாக்க ஓராண்டுக்கு மேலாக முயன்று வருகிறேன். இதற்குள் மூன்று கருவிகள் மாறிவிட்டேன். ஆனால் காட்சி கெட்ட இடம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தொடக்கத்தில் நான் எழுதிய ப்ராம்ட்டில் "crane up" என்பதைத் தவிர கேமராவுக்கு வேறு கட்டளை இல்லை. கிடைத்தவை இரண்டு வகை. ஒன்றில் கேமரா நேராக மேலே போய், பெண் திரையின் கீழ் விளிம்பில் மறைந்துவிடுவார். வெறும் நிலமும் வானமும் மிஞ்சும். மற்றொன்றில் கேமரா அவரை விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே எழும். முடிவில் உச்சந்தலையும் காலடி மண்ணும் தெரியும், அடிவானம் காணாமல் போகும். கருவிக்கு என் சொல் புரியவில்லை என்றே பல வாரங்கள் நினைத்து, சொற்களை மாற்றி மாற்றி எழுதினேன். பிறகு ஒரு தாளில் படம் வரைந்து பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று தெரிந்தது. நான் கேட்ட காட்சி நிஜ கேமராவாலும் எடுக்க முடியாதது.

கணக்கு எளிது. ஃபுல்-பிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், அகலத்திரைப் படத்தில் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 32 பாகைக் கோணத்தைத்தான் பார்க்கும். அடிவானம் திரையின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்றால், கீழ் விளிம்பு அடிவானத்திலிருந்து 28 பாகை தாழ்ந்திருக்கும். கேமரா 10 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது அந்தக் கீழ் விளிம்பு தொடும் தரை, கேமராவுக்கு நேர் கீழே இருந்து சுமார் 19 மீட்டர் முன்னால் இருக்கிறது. பெண்ணும் அடிவானமும் ஒரே பிரேமில் இருக்க வேண்டுமானால், கேமரா 10 மீட்டர் எழுவதற்குள் அவரை விட்டு அவ்வளவு தொலைவு பின்னால் போயாக வேண்டும். எழுவதைவிடப் பின்வாங்குவதே அதிகம். நாம் கிரேன் ஷாட் என்று நினைவில் வைத்திருப்பதில் பாதிக்கு மேல் பின்வாங்கல்தான்.

இதை உணர்ந்தபின் எழுதிய ப்ராம்ட்:

```
Close-up of a salt worker's face at eye level.
In one continuous move the camera pulls back and
cranes up, tilting down slightly, keeping her in
the lower third of the frame. Dry white salt pans
spread to a flat horizon behind her.
She keeps her eyes on the rake in her hands.
```

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. "lower third" என்று அவருடைய இடத்தைச் சொன்னபின், அவர் திரையை விட்டு நழுவுவது வெகுவாகக் குறைந்தது. கடைசி வரி இல்லாதபோது, கேமரா எழுந்ததும் பெண் அண்ணாந்து லென்ஸைப் பார்த்தார். கேமரா அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்று ஆனதும் காட்சியின் தனிமை போய்விடுகிறது. "கேமராவைப் பார்க்காதே" என்று எழுதியது பயன் தரவில்லை. பார்வைக்கு ஒரு பொருளைக் கொடுத்ததும் தலை தாழ்ந்து நின்றது.

அடுத்த ஏமாற்றம் ஜூம். பல க்ளிப்புகளில் கேமரா நகரவே இல்லை. படம் மட்டும் அகன்றது. முதல் பார்வையில் கண்டுபிடிப்பது கடினம். நான் செய்யும் சோதனை இது: முதல் விநாடியிலிருந்து ஒரு பிரேமும் மூன்றாம் விநாடியிலிருந்து ஒரு பிரேமும் எடுத்து அருகருகே வைப்பேன். முதல் பிரேமில் பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஓர் உப்புக் குவியல் பாதி மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா உண்மையில் எழுந்திருந்தால் தோள் தாழ்ந்து, குவியலின் அடிவாரமும் அதற்கப்பால் உள்ள வரப்பும் வெளிப்படும். ஜூம் என்றால் தோள் மறைத்த அளவு அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து சிறுத்திருக்கும். இதற்காகவே இப்போது முதல் படத்தில் அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று எனப் பொருள்களை வைத்துவிடுகிறேன். மொட்டை வானத்தின் முன் ஒரு முகத்தை மட்டும் கொடுத்தால், எழுச்சியைக் காட்டக் கருவிக்குப் பிடிமானமே இல்லை.

பெரிய மாற்றம் வந்தது, முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் நாமே படமாகக் கொடுக்கும் வசதியால்தான். முகத்தை மட்டும் கொடுத்தால் நிலம் முழுவதையும் கருவி கற்பனை செய்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு நிலம் வரும். இரு முனைகளையும் கொடுத்தால் இடைவழியை மட்டும் அது கண்டுபிடித்தால் போதும். ஆனால் இரு படங்களும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். என் முகப் படத்தில் வெயில் திரையின் இடப்பக்கம் தெரியும் கன்னத்தில் விழுந்தது. அகலப் படத்தில் குவியல்களின் நிழலும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது. அதாவது சூரியன் வலப்புறம். கருவி அந்த முரண்பாட்டைத் தீர்க்க நடுவழியில் ஒளியையே சுழற்றியது. நான்கு விநாடியில் காலை மாலையாகிவிட்டது. அகலப் படத்தை நிழல் வலப்பக்கம் விழும்படி மறுபடி உருவாக்கியதும் அது நின்றது. நிழல், சேலை நிறம், தலைத்துணியின் கட்டு ஆகிய மூன்றையும் இரு படங்களிலும் ஒப்பிட்ட பிறகே இப்போது பொத்தானை அழுத்துகிறேன்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள பொருத்தமும் முக்கியம். முகத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் விலகும் பயணத்தை 5 விநாடியில் கேட்டால் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஆகிறது. அது கிரேனின் நிதானம் இல்லை, டிரோனின் பாய்ச்சல். பல முறை கருவி அந்த வேகத்தைத் தாங்காமல் ஒரு படத்தை மற்றொன்றில் கரைத்துவிட்டது. எனவே பயணத்தை இரண்டாகப் பிரித்தேன்: முகத்திலிருந்து இடுப்பளவு வரை ஒரு க்ளிப், அங்கிருந்து அகலம் வரை மற்றொன்று. முதலாவதின் கடைசி பிரேமே இரண்டாவதின் முதல் பிரேம். இணைப்பில் ஒரு தயக்கம் தெரிந்தது; ஒவ்வொரு க்ளிப்பும் முடிவில் வேகம் குறைந்து, தொடக்கத்தில் மெதுவாகக் கிளம்புகிறது. இருபுறமும் அந்த மந்தமான பகுதியை, ஏறக்குறைய அரை விநாடி வீதம், வெட்டி எடுத்தேன். தயக்கம் மறைந்தது. வெட்டிய இடத்தில் படம் மிகச் சிறிதளவு தாவுகிறது. ஓட்டத்தில் என் கண்ணுக்கு அது படவில்லை.

பெண் திரையில் சிறுத்ததும் அவர் முகம் உருகிக் குழம்பும் பிரச்சினையை முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. 720 பிக்சல் வரி உயரப் படத்தில் பெண் திரையின் கால் பங்கு உயரத்துக்குக் குறைந்ததும் அவர் தலைக்குக் கிடைப்பது 25 வரிக்கும் குறைவு. அதில் கண்ணும் வாயும் வரையக் கருவிக்கு இடமில்லை. உப்பளத்தில் வெயிலுக்காகத் தலையில் துணி கட்டுவது வழக்கம் என்பதால், தாழ்ந்த தலையும் துணியின் விளிம்பும் சேர்ந்து முகத்தைத் தக்க நேரத்தில் மறைத்துவிடுகின்றன. மிகச் சிறுத்த பிறகும் முகம் தெரிந்தே ஆக வேண்டிய காட்சிக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ப்ராம்ட்டில் "dry" என்ற சொல் வந்த கதையையும் சொல்ல வேண்டும். முதலில் பாத்திகளில் நீர் நிறைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தாழ்வான கோணத்தில் நீர் வானத்தைக் காட்டும். கேமரா உயர்ந்து குனியும்போது அருகில் உள்ள நீரில் அந்தப் பிரதிபலிப்பு மங்கி, அடியில் உள்ள மண்ணும் உப்பும் தெரிய வேண்டும். எனக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் மேகம் நீர்மேல் ஒட்டிய ஓவியம்போல் அசையாமல் கிடந்தது. உப்பளத்தை அறிந்தவர் அந்த இடத்தில் காட்சியை நம்ப மாட்டார். அதனால் நீர் வற்றி உப்பு விளைந்து நிற்கும் பாத்திகளாக மாற்றினேன். படத்தில் இப்போது இருப்பது அந்த வடிவம்தான். நீர் நிறைந்த பாத்திகளின் மேல் எழும் ஷாட்டுக்கான இரு படங்களையும் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். புதிய கருவி எது வந்தாலும் முதலில் அவற்றைத்தான் கொடுத்துப் பார்க்கிறேன்.